மேடைக்குக் கீழிருந்து எடுத்த படம்

கல்யாண வரவேற்பில் மணமக்கள் மேடையில் நிற்பார்கள். போட்டோகிராபர் பல நேரம் மேடைக்குக் கீழே, முதல் வரிசை நாற்காலிகளுக்கு முன்னால் நிற்பார். மேடை 3 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மணப்பெண்ணின் கண், அவர் நிற்கும் தளத்திலிருந்து 5 அடி. அதாவது மண்டபத் தரையிலிருந்து 8 அடி. கேமராவோ தரையிலிருந்து 5 அடியில் இருக்கிறது. இருவருக்கும் நடுவே 6 அடி தூரம்தான் என்றால், கேமரா மணப்பெண்ணின் முகத்தைக் கீழிருந்து ஏறத்தாழ 27 டிகிரி கோணத்தில் அண்ணாந்து பார்க்கிறது. "மேடம், இங்கே பாருங்க" என்று அவர் குரல் கொடுத்ததும் மணப்பெண் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார். ஃபிளாஷ் மின்னுகிறது.

பத்து நாள் கழித்து ஆல்பம் வடிவமைப்பவருக்கு ஒரு போன் வருகிறது. "அண்ணா, அந்த மேடைப் படத்துல தாடைக்குக் கீழ ரெண்டா தெரியுது. எனக்கு அப்படியெல்லாம் கிடையாது. கொஞ்சம் பாருங்கண்ணா."

அந்தப் பெண் சொல்வது சரி. அன்று காலை முகூர்த்தத்தில் அவர் உட்கார்ந்திருக்க, போட்டோகிராபர் மணையருகே முழங்காலிட்டுக் கண் மட்டத்தில் எடுத்த படங்களில் தாடைக்கோடு ஒழுங்காக இருக்கிறது. மாலையில் வந்து ஒட்டிக்கொண்ட இரட்டைத் தாடைக்குக் காரணம் கோணமும் வெளிச்சமும். ஆகவே அதைச் சரிசெய்யும் வேலையும் அந்த இரண்டிலிருந்தே தொடங்குகிறது.

கண் எதை வைத்துத் தாடையை அறிகிறது?

தாடை எலும்பு லாடம் போன்ற வடிவம் கொண்டது. அந்த லாடத்தின் நடுவிலும் அதற்குக் கீழே தொண்டைவரையிலும் இருப்பது தோலும் தசையும் கொஞ்சம் கொழுப்பும்தான். தலையை நிமிர்த்தினால் அந்தத் தோல் இழுபட்டு நிற்கும். முகவாயைக் கழுத்தை நோக்கி இறக்கினால் அது தளர்ந்து மடியும். ஒல்லியானவர்களுக்கும் இப்படித்தான். கண்ணாடி முன் நின்று குனிந்து பார்த்தால் எவருக்கும் ஒரு மடிப்பாவது தெரியும். மேடையில் நிற்பவர் கீழே இருக்கும் கேமராவைப் பார்க்கக் குனிவதால் மடிப்பு உண்டாகிறது. கேமரா கீழே இருப்பதால், வழக்கமாக யார் கண்ணுக்கும் படாத அந்த அடிப்பகுதி நேராகப் படத்தில் விழுகிறது. ஒரே காரணம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

வெளிச்சம் மூன்றாவது கெடுதலைச் செய்கிறது. சூரியனானாலும் கூரை விளக்கானாலும் நாம் பழகிய வெளிச்சம் மேலிருந்துதான் விழும். அதனால் முகத்தின் முன்பகுதி வெளிச்சமாகவும், தாடைக்கு அடிப்பகுதி நிழலாகவும் இருக்கும். முகம் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று கண் கணிப்பது இந்த நிழலை வைத்துத்தான். கேமராவின் தலையில் மாட்டிய ஃபிளாஷ் கேமரா நிற்கும் அதே தாழ்வான இடத்திலிருந்து நேராக அடிக்கிறது. அது அடித்தாடைக்குள் புகுந்து அந்த நிழலைத் துடைத்துவிடுகிறது. முகவாயும் அதன் கீழ்ச் சதையும் கழுத்தும் ஒரே வெளிச்சத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

1930-களில் ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் நட்சத்திரங்களைப் படம் எடுத்தவர்கள் விளக்கை முகத்துக்கு நேர் முன்னால், உயரத்தில் வைத்தார்கள். மூக்குக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி போன்ற சின்ன நிழலும், தாடைக்குக் கீழே அடர்ந்த நிழலும் விழும். அந்த ஒளியமைப்புக்கு இன்றும் பட்டர்ஃபிளை லைட்டிங் என்றே பெயர். அந்த நிழல் அடித்தாடையை மறைத்து, எலும்பின் கோட்டை எடுத்துக்காட்டியது. மேடையடி ஃபிளாஷ் இதற்கு நேர்மாறானது. கணினியில் செய்யும் திருத்தத்தின் வேலை, விளக்கை அந்த உயரத்துக்கு ஓரளவாவது ஏற்றிவைத்ததுபோல் காட்டுவதுதான்.

நான்கு பட்டைகள்

மணப்பெண்ணின் படத்தைப் பெரிதாக்கி, உதட்டிலிருந்து கழுத்துவரை மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டுப் பார்ப்போம். டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 கறுப்பு, 255 வெள்ளை. ஃபோட்டோஷாப்பின் Info பெட்டியைத் திறந்துவைத்து மவுஸை நகர்த்தினால் அந்த எண்கள் தெரியும்.

இந்த மாதிரிப் படத்தில் முகவாயின் வெளிச்சம் 190. அதற்குச் சற்றுக் கீழே மடிப்புக் கோட்டில் அது 95-க்கு விழுகிறது. அடுத்து, மடிந்து நிற்கும் சதைத் திரட்சியில் மறுபடி 165-க்கு ஏறுகிறது. திரட்சிக்கு அடியில் 110-க்கு இறங்கி, கழுத்தில் 170 ஆகிறது. வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று நான்கு பட்டைகள். கண்ணுக்கு இரட்டைத் தாடையாகத் தெரிவது இந்த ஏற்ற இறக்கம்தான். இருட்டான கோடு முகவாயின் எல்லை போலவும், அதற்குக் கீழே மறுபடி தோன்றும் வெளிச்சம் இன்னொரு முகவாய் போலவும் படுகிறது.

மேலிருந்து வெளிச்சம் விழுந்திருந்தால் எண்கள் வேறுமாதிரி வந்திருக்கும். முகவாயில் 190, அதன் விளிம்பு தாண்டியதும் 125 அளவுக்கு இறக்கம், கொஞ்ச தூரம் அதே நிழல், பிறகு கழுத்தின் கீழ்ப்பகுதியில் மெல்ல 170-க்கு ஏற்றம். ஒரே ஓர் இறக்கம், ஒரே ஓர் ஏற்றம். சதை அப்படியே அங்கேதான் இருக்கும். ஆனால் நிழலுக்குள் இருப்பதால் அது தனியாக எழுந்து நிற்காது.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் புரிந்துவிடும். திரட்சியின் 165-ஐ 135 பக்கம் இறக்க வேண்டும். மடிப்புக் கோட்டின் 95-ஐ 120 பக்கம் ஏற்ற வேண்டும். இரண்டும் நெருங்க நெருங்க, நடுவே இருந்த பிளவு மங்கிவிடும்.

பலர் அவசரத்தில் செய்வது வேறு. Liquify என்ற வசதியைத் திறந்து சதையைப் பிடித்து மேலே தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளும்போது முகவாயின் வடிவமே மாறும், முகம் சிறுத்துப்போகும், பக்கத்தில் இருக்கும் நெக்லஸ் கோணிக்கொள்ளும். பட்டைகளோ அப்படியே இருக்கும். நெருக்கமாக மட்டும் ஆகியிருக்கும். இன்னும் சிலர் மடிப்பின்மேல் கன்னத்துத் தோலை எடுத்து ஒட்டிவிடுவார்கள். முகவாய்க்குக் கீழே ஒளிரும் கன்னம் ஒன்று முளைத்ததுபோல் இருக்கும். முதலில் வெளிச்சம், பிறகு மிச்சத்துக்கு மட்டும் குளோனிங் என்ற வரிசையைக் கைவிடாததுதான் இந்த வேலையின் அடிப்படை.

பென்சிலும் கத்தியும்

நம் ஊர் ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளைக் காலத்தில் இந்த வேலைக்கு டச்சிங் என்று பெயர். சாய்வான மேசையில் பதித்த தேய்த்த கண்ணாடிமேல் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி செய்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் நெகட்டிவின்மேலேயே வேலை செய்வார்கள். நெகட்டிவில் வெளிச்சம் தலைகீழாக இருக்கும். முகத்தில் இருட்டாக இருக்கும் சுருக்கம் நெகட்டிவில் தெளிந்த கோடாகத் தெரியும். அதன்மேல் பென்சிலால் மெல்லப் பூசினால் அங்கே அடர்த்தி கூடி, அச்சில் அந்தச் சுருக்கம் வெளுக்கும். அச்சில் ஓர் இடம் இருட்டாக வேண்டுமானால், கூரிய கத்தியால் நெகட்டிவின் பூச்சை இம்மி இம்மியாகச் சுரண்டுவார்கள். இரட்டைத் தாடைக்கு இரண்டுமே வேண்டும். மடிப்புக் கோட்டுக்குப் பென்சில், திரட்சிக்குக் கத்தி. கத்தி ஒருமுறை வழுக்கினால் நெகட்டிவ் போயிற்று.

அச்சிடும்போது இருட்டறையில் செய்யும் திருத்தம் வேறொன்று. தாளில் விழும் வெளிச்சத்தை ஓர் அட்டைத்துண்டால் மறைத்தால் அந்த இடம் வெளுக்கும், அது டாட்ஜிங். கையைக் குவித்து ஓர் இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் அது கறுக்கும், அது பர்னிங். 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் இந்தப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டது. டாட்ஜ் கருவிக்குக் குச்சியில் மாட்டிய வட்ட அட்டையும், பர்ன் கருவிக்குக் குவித்த கையும் இன்றும் அடையாளப் படங்கள்.

ஆனால் அனுபவமுள்ளவர்கள் இந்த வேலைக்கு அந்த இரண்டு கருவிகளையும் நேராகப் படத்தின்மேல் ஓட்டுவதில்லை. நெகட்டிவின்மேல் ஓடும் கத்தியைப் போல அவை மூலப்படத்தையே மாற்றிவிடும் என்பதுதான் காரணம். படத்துக்குமேல் தனி அடுக்குகள் போட்டு, அவற்றில்தான் வேலை செய்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் அடுக்கை அழித்துவிடலாம்.

வெளிச்சத்தை வடித்தல்

படத்தைத் திறந்ததும் Curves அடுக்குகள் இரண்டு போட வேண்டும். ஒன்று இருட்டாக்க, ஒன்று வெளுக்க. முதல் அடுக்கில் வளைகோட்டின் நடுப்புள்ளியை 128-இலிருந்து 95-க்கு இறக்கினால் படம் முழுவதும் இருண்டுவிடும். இரண்டாவதில் 128-ஐ 160-க்கு ஏற்றினால் முழுவதும் வெளுக்கும். இரண்டு அடுக்குகளின் மாஸ்க்கையும் Ctrl+I அழுத்திக் கறுப்பாக்கினால் இரண்டு விளைவுகளும் மறைந்து படம் பழையபடி தெரியும். இனி அந்தக் கறுப்பு மாஸ்க்கின்மேல் வெள்ளைத் தூரிகை எங்கே படுகிறதோ, அங்கே மட்டும் விளைவு வெளிப்படும்.

தூரிகையின் Flow 3 சதவீதம் போதும். Hardness பூஜ்யம். ஒரு தடவை தடவினால் ஏதும் நடந்ததாகவே தெரியாது. பத்துத் தடவை தடவினால்தான் நிழல் மெல்ல ஊறி வரும். அந்த மந்தம்தான் தேவை. எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்க்க அது நேரம் கொடுக்கிறது. 20 சதவீதம் வைத்து வேகமாக முடிக்கப் பார்த்தால் தூரிகையின் தடம் திட்டுத்திட்டாக நின்றுவிடும்.

எங்கே தொடங்குவது? காதுமடலுக்குக் கீழிருந்து முகவாய்வரை தாடை எலும்பு போகும் வழியை முதலில் கண்ணால் தேட வேண்டும். ஃபிளாஷ் துடைத்துவிட்டாலும் தடயம் கொஞ்சம் மிச்சமிருக்கும். பக்கத்தில் காலை முகூர்த்தப் படத்தைத் திறந்துவைத்தால் அந்தப் பெண்ணின் தாடை சதுரமா, வட்டமா, எங்கே வளைகிறது என்பது தெரியும். திருத்தம் அந்தத் தாடைக்குத்தான் போய்ச்சேர வேண்டும், எந்த நடிகையின் தாடைக்கும் அல்ல.

இருட்டாக்கும் அடுக்கின் மாஸ்க்கில், திரட்சியின் அகலத்தைவிடச் சற்றுப் பெரிய தூரிகையால் தொடங்கலாம். திரட்சி 80 பிக்ஸல் என்றால் தூரிகை 120. தாடைக்கோட்டுக்குக் கீழே, ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கம்வரை பிறை வடிவில் நிழலை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். முகவாய்க்கு நேர் கீழே நிழல் அடர்த்தியாகவும், காதை நெருங்கும்போது ஒன்றுமில்லாமல் கரைந்தும் போக வேண்டும். முகவாய் உருண்டையானது, அதனால் அங்கே நிழலின் விளிம்பு மெதுவாகத் திரும்ப வேண்டும். மையால் கோடு கிழித்ததுபோல் விளிம்பு வந்தால் முகம் அட்டைமுகமூடி ஆகிவிடும். அவ்வப்போது Info எண்ணைப் பார்த்துக்கொண்டு, திரட்சி 135-ஐத் தொட்டதும் நிறுத்திவிடலாம்.

அடுத்து வெளுக்கும் அடுக்கு. இங்கே தூரிகை மடிப்புக் கோட்டின் அகலம்தான் இருக்க வேண்டும், 20 பிக்ஸல் போல. படத்தை 100 சதவீத அளவில் பெரிதாக்கி, கோட்டின் வழியாகவே நடந்து போக வேண்டும். கோட்டுக்கு வெளியே தூரிகை வழிந்தால் இருபுறமும் வெளிச்ச வரப்பு எழும்பி மடிப்பு முன்னைவிட நன்றாகத் தெரியும். 95 என்பது 120 ஆனதும் போதும்.

இதுவரை செய்ததில் பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடும் ஓர் இடம் இருக்கிறது. தாடைக்குக் கீழே மட்டும் மேலிருந்து வெளிச்சம் விழுவதுபோல் நிழல் இருக்கிறது. மூக்குக்குக் கீழே நிழலே இல்லை. இரண்டும் ஒரே விளக்கில் நடக்க முடியாது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று படும். எனவே அதே இருட்டாக்கும் அடுக்கில் மூக்கின் அடியிலும், கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்திலும் நாலைந்து தடவல் கொடுக்க வேண்டும். தாடைக்குக் கொடுத்ததில் கால் பங்கு இருந்தால் போதும். விளக்கு முகம் முழுவதற்கும் உயர்ந்துவிடும்.

நிறத்தையும் பார்க்க வேண்டும். Curves கொண்டு தோலை இருட்டாக்கினால் அது செங்கல் நிறம் பக்கம் சாயும். மாநிறத் தோலில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு Hue/Saturation அடுக்கைப் போட்டு, இருட்டாக்கிய அடுக்கின் மாஸ்க்கை Alt அழுத்தியபடி இழுத்து அதன்மேல் விட்டால் அதே பிறைக்கு மட்டும் அது வேலை செய்யும். Saturation-ஐ 5 முதல் 10 வரை குறைத்தால் நிழல் மறுபடி தோலின் நிழலாகிவிடும். பட்டுப்புடவையும் நகையும் கீழிருந்து எதிரொளிக்கும் மெல்லிய மஞ்சள் கழுத்தில் இருந்தால் அதை அழிக்க வேண்டியதில்லை. நிழலுக்குள் அது இருக்கும்போதுதான் கழுத்து உருண்டையாகத் தெரிகிறது.

மிச்சத்துக்குக் குளோன்

இந்தக் கட்டத்தில் படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டதாகவே தோன்றும். பெரிதாக்கினால் மடிப்புக் கோட்டின் மெல்லிய தழும்பும், வியர்வையோ மேக்கப்போ பளபளத்த ஒரு புள்ளியும் மிச்சமிருக்கும். வெளிச்சத்தால் தீராத இந்த மிச்சத்துக்குத்தான் Clone Stamp.

இந்தக் கருவி ஓரிடத்துத் தோலை அப்படியே நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும். மூலப்படத்துக்கு மேலே, இரண்டு Curves அடுக்குகளுக்குக் கீழே, ஒரு வெற்று அடுக்கு போட்டு அதில் ஒட்ட வேண்டும். Sample என்ற இடத்தில் Current & Below என்று வைக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். All Layers என்று வைத்துவிட்டால், ஏற்கெனவே இருட்டாக்கிய தோலை நகலெடுத்து, மறுபடி அதே இருட்டாக்கும் அடுக்குக்கு அடியில் வைத்ததாகிவிடும். ஒட்டிய இடம் இரண்டு மடங்கு இருண்டு கறையாக நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் மணிக்கணக்கில் தேடும் தவறு இது.

மடிப்புத் தழும்புக்கு Mode என்பதை Lighten என்று மாற்றினால் நல்லது. எடுத்துவரும் தோலைவிட இருட்டாக இருக்கும் புள்ளிகளை மட்டும் அது மாற்றும்; சுற்றிலும் உள்ள நல்ல தோலைத் தொடாது. பளபளப்புப் புள்ளிக்கு அதற்கு நேரெதிராக Darken. தோலை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கைப்பக்குவம். Alt அழுத்திச் சொடுக்கும் இடம் மடிப்புக்குப் பக்கத்திலேயே, அதே வெளிச்சத்தில், அதே அளவு தெளிவில் இருக்க வேண்டும். கன்னத்துத் தோலின் துளைகள் பெரியவை, கழுத்துத் தோல் மெல்லியது. ஒன்றை எடுத்து மற்றொன்றில் வைத்தால் தெரிந்துவிடும். லென்ஸ் முகத்தில் குவிந்திருக்கும்போது கழுத்து கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். ஆகவே மேலே இருந்து எடுத்துவராமல், பக்கவாட்டில் நகர்ந்து அதே உயரத்திலிருந்து எடுப்பது பாதுகாப்பு.

Opacity-ஐ 30 சதவீதம்போல் வைத்து இரண்டு தடவல், அதற்குமேல் வேண்டாம். இதற்குக் காரணம் உண்டு. தோலின் துளைகள் சின்னச் சின்ன வெளிச்ச, இருட்டுப் புள்ளிகள். ஒன்றின்மேல் இன்னொன்றை அரைகுறையாக ஏற்றும்போது ஒன்றின் வெளிச்சம் மற்றொன்றின் இருட்டில் விழுந்து இரண்டும் சமமாகிவிடும். ஆறேழு தடவை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்துப் பூசினால் துளைகளே இல்லாத மெழுகுத் திட்டு ஒன்று உருவாகும். சில படங்களில் கழுத்து மட்டும் பிளாஸ்டிக் போலத் தெரிவது இதனால்தான்.

2002-இல் ஃபோட்டோஷாப் 7-உடன் வந்த Healing Brush தோலைத் தானே சுற்றுப்புற நிறத்தோடு கலந்துவிடும். வெட்டவெளியான நெற்றியில் அது நன்றாக வேலை செய்கிறது. தாடையடியில் அதை நம்ப முடியாது. அருகே நெக்லஸோ, மாலையோ, கறுத்த முடியோ இருந்தால் அந்த நிறத்தையும் இழுத்துவந்து தோலில் இழுவிவிடும். விளிம்புக்குப் பக்கத்தில் பழைய குளோனே கைகொடுக்கிறது.

ஒளியால் முடியாத இடம்

மணப்பெண் நேராகப் பார்க்காமல் மணமகன் பக்கம் திரும்பியிருந்தால் கதை மாறுகிறது. அப்போது சதைத் திரட்சி முகத்துக்குள்ளே இல்லை. பின்னணிக்கு எதிராக ஒரு மேடாக வெளியே துருத்தி நிற்கிறது. நிழல் போட்டால் இருண்ட மேடாகத் துருத்தும், அவ்வளவுதான். வெளிக்கோடு வெளிச்சத்துக்குக் கட்டுப்படாது.

இங்கே பின்னணியைத்தான் குளோன் செய்து உள்ளே கொண்டுவர வேண்டும். Pen கருவியால் முகவாயிலிருந்து கழுத்துக்கு ஒரு மென்மையான வளைவு வரைந்து, அதைத் தேர்வாக மாற்றி, 1 பிக்ஸல் Feather கொடுத்து, வளைவுக்கு வெளியே மட்டும் பின்னணியைப் பூச வேண்டும். பின்னணி மங்கலான திரைச்சீலையாக இருந்தால் வேலை சுலபம். ரோஜா மாலையாக இருந்தால் ஒவ்வொரு இதழையும் பார்க்க வேண்டும். ஒரே ரோஜா இரண்டு இடத்தில் பூத்திருந்தால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். வளைவையும் முழுவதுமாக உள்ளே தள்ளிவிடக் கூடாது. குனிந்திருக்கும் தலைக்கு அடியில் சதை கொஞ்சமாவது மடிந்துதான் ஆக வேண்டும். அந்த மேட்டில் பாதியைக் குறைத்தாலே படம் ஆறுதலாகத் தெரியும்.

ஆண்களின் படத்தில் இன்னொரு சிக்கல். சவரம் செய்த தாடையடியில் ஏற்கெனவே நீலம் கலந்த சாம்பல் நிறம் இருக்கும். அதன்மேல் நிழல் ஏற்றினால் கரி பூசியதுபோல் ஆகிவிடும். அங்கே இருட்டாக்குவதைப் பாதியாகக் குறைத்து, மடிப்புக் கோட்டை வெளுப்பதை மட்டும் நம்ப வேண்டும். மணமகனும் பக்கத்திலேயே நிற்கும் படத்தில் அவருக்கும் அதே உயரத்திலிருந்து விளக்கு அடிப்பதுபோல் மெல்லிய நிழல் தர வேண்டியிருக்கும். ஒருவர்மேல் மேல்வெளிச்சமும் அடுத்தவர்மேல் கீழ்வெளிச்சமும் இருந்தால் இருவரும் வெவ்வேறு படங்களிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவர்கள் போலத் தெரிவார்கள்.

பாஸ்போர்ட், விசா படங்களில் இந்தத் திருத்தம் எதுவும் கூடாது. அவை முகத்தை அடையாளம் காண எடுக்கப்படுபவை. முக அமைப்பை மாற்றிய படங்கள் ஏற்கப்படுவதில்லை. அங்கே ஒரே வழி, கேமராவைக் கண் மட்டத்தில் வைத்து மறுபடி எடுப்பதுதான்.

சரிபார்க்கும் நான்கு நிமிடம்

ஒரே படத்தை அரை மணி நேரம் பார்த்தால் கண் அதற்குப் பழகிவிடும். அதனால் சோதிக்கச் சில வழிகள் வைத்திருக்கிறார்கள். படத்தை இடவலமாகத் திருப்பினால் முகம் புதிதாகத் தெரியும். ஒரு பக்க நிழல் மட்டும் கூடியிருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிறம் நிரப்பிய அடுக்கொன்றைப் போட்டு அதன் முறையை Color என்று மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். நிறத்தில் மறைந்திருந்த திட்டுகள் வெளியே வரும். தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் தாடையடி அழுக்காகத் தெரிகிறதா, நிழலாகத் தெரிகிறதா என்று புரியும்.

கடைசியாக, கீழே உள்ள மூலப்படத்தின் கண் அடையாளத்தை Alt அழுத்திச் சொடுக்கினால் மற்ற அடுக்குகள் எல்லாம் மறைந்து பழைய படம் தெரியும். மறுபடி சொடுக்கினால் புதியது. இப்படி மாற்றி மாற்றிப் பார்க்கும்போது வெளிச்சம் மட்டும் நகர்ந்தால் சரி. முகமே வேறாளாகத் துள்ளினால் கைமீறிவிட்டது என்று அர்த்தம். அப்போது அழிக்கத் தேவையில்லை. இரண்டு Curves அடுக்குகளின் Opacity-ஐ 70-க்கோ 60-க்கோ இறக்கினால் போதும். ஆல்பம் அச்சில் நிழல் திரையில் தெரிவதைவிட அடர்த்தியாக விழும் என்பதால், அச்சுக்குப் போகும் படத்தில் எப்படியும் கொஞ்சம் இறக்கிவைப்பதுதான் வழக்கம்.

நம் மணப்பெண்ணின் படத்தில் 70-இல் நிறுத்திய பிரதி போனது. மாலைக்குள் பதில் வந்தது. "சூப்பர் அண்ணா. இன்னும் கொஞ்சம் மட்டும் குறைக்க முடியுமா?"

வடிவமைப்பவர் எதையும் குறைக்கவில்லை. காலை முகூர்த்தத்தில் கண் மட்டத்தில் எடுத்த படத்தையும், திருத்திய மேடைப் படத்தையும் தாடை ஒரே அளவில் வரும்படி வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினார். முகவாயின் வட்டம், இடப்பக்கத் தாடையில் இருக்கும் மச்சம், சிரிக்கும்போது அதற்கு மேலே விழும் சின்னக் குழி, எல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருந்தன.

"சரிண்ணா, இதுவே இருக்கட்டும்" என்று வந்தது. "அட்டைப்படத்துக்கு இதையே போட்டுடுங்க."